டிவியில் எழுத்து கசங்குகிறதா? கேம் மோட் வேறு, பிசி மோட் வேறு

கேள்வி: "43 இன்ச் 4கே டிவியை லேப்டாப்புக்கு மானிட்டராக வைத்திருக்கிறேன். கேம் மோட் போட்டால் மவுஸ் வேகமாக ஓடுகிறது. ஆனால் கோடிங் எடிட்டரில் சிவப்பு, நீல எழுத்துகள் கசங்கின மாதிரி தெரிகின்றன. கறுப்பு எழுத்து பரவாயில்லை. பிசி மோட் என்று ஒன்று இருக்கிறதாம். எதைப் போடுவது?"

பிசி மோடைப் போடுங்கள். கேம் ஆடும்போது அதோடு சேர்த்துக் கேம் மோடையும் போட்டுக்கொள்ளலாம். பல டிவிகளில் இவை இரண்டும் வெவ்வேறு மெனுவில் இருக்கும் வெவ்வேறு சமாச்சாரங்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும் என்பதில்லை. கேம் மோட் நேரத்துக்கானது: நீங்கள் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்கும். பிசி மோட் நிறத்துக்கானது: ஒவ்வொரு புள்ளிக்கும் அதனதன் நிறத்தைக் கலக்காமல் கொண்டுபோகும். வீடியோ எடிட்டிங் அறைகளில் திரைகளைப் பொருத்திச் சரிசெய்து கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. கறுப்பு எழுத்து நன்றாக இருக்கிறது, சிவப்பும் நீலமும் மட்டும் கெடுகின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்துவிட்டது. அதை விளக்கிவிட்டால், நாளைக்கு வேறு டிவி வாங்கினாலும் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

வீடியோ சிக்னலில் படம் இரண்டு பகுதியாகப் போகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்பது ஒரு பகுதி. அது என்ன நிறம் என்பது இன்னொரு பகுதி. நம் கண் வெளிச்சத்தின் வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். நிறத்தின் வேறுபாட்டில் அந்த அளவுக்கு நுணுக்கம் கிடையாது. 1953-ல் அமெரிக்காவில் கலர் டிவிக்கான முறை அங்கீகரிக்கப்பட்டபோதே இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்: வெளிச்சத்துக்கு அகலமான இடம், நிறத்துக்குக் குறுகலான இடம். இன்றைக்கு ஓடிடி படம், ப்ளூரே, வீட்டுக்கு வரும் சேனல்கள் எல்லாமே அதே சிக்கனத்தில்தான் ஓடுகின்றன. 4கே படத்தில் வெளிச்சம் 3840×2160 புள்ளிகளுக்கும் தனித்தனியாக வரும். நிறம் மட்டும் 1920×1080 அளவில் வரும். அதாவது இரண்டுக்கு இரண்டு என்று நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம். இதைத்தான் 4:2:0 என்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் மட்டும் ஒரு நிறத்தைப் பகிர்ந்தால் அது 4:2:2. யாரும் யாரோடும் பகிராமல் இருந்தால் 4:4:4. கணினி இயல்பாக அனுப்பும் RGB-யிலும் பகிர்வு கிடையாது.

சினிமாவில் ஒரு முகமோ மரமோ ஒரு புள்ளி அகலத்தில் சட்டென்று நிறம் மாறுவதில்லை. அதனால் இந்தச் சிக்கனம் கண்ணுக்குப் படுவதே இல்லை. எழுத்து அப்படியில்லை. சின்ன எழுத்தின் ஒரு கோடு ஒரே புள்ளி அகலம்தான். அந்தக் கோட்டின் உருவம் வெளிச்சத்தில் இருக்கிறதா, நிறத்தில் இருக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எச்டி வீடியோவின் கணக்குப்படி வெள்ளையின் வெளிச்சம் 100 என்றால் பச்சைக்கு 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் வேறுபாடு முழு 100-ம் வெளிச்சத்திலேயே இருக்கிறது. நிறத்தை எப்படிக் கசக்கினாலும் எழுத்து நிற்கும். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து என்றால் வெளிச்ச வேறுபாடு வெறும் 14. மீதி உருவம் முழுக்க நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறத்தைப் பக்கத்துப் புள்ளியோடு பகிரச் சொன்னால் எழுத்து ஈரத்தாளில் எழுதின மை மாதிரி ஆகிவிடும். கறுப்புப் பின்னணியில் நீல எழுத்துக்கும் இதே கதிதான், அங்கே வேறுபாடு 7. உங்கள் எடிட்டர் கறுப்புப் பின்னணியில் இருந்தால் சிவப்பும் நீலமும் முதலில் அடிபட்டு, பச்சையும் மஞ்சளும் தப்பிப்பது இதனால்தான்.

விண்டோஸில் கறுப்பு எழுத்தும் முழுக்கத் தப்பிவிடாது. க்ளியர்டைப் என்ற வசதி எழுத்தின் ஓரங்களில் மெலிதாகச் சிவப்பும் நீலமும் பூசித்தான் வளைவுகளை மழமழவென்று காட்டுகிறது. நிறத்தைக் கசக்கினால் அந்தப் பூச்சு கலங்கி, எழுத்தைச் சுற்றி லேசாக அழுக்கு ஒட்டினமாதிரி தெரியும். தமிழ் எழுத்தில் இது சீக்கிரம் கண்ணில் படும், ஏனென்றால் சுழிகளும் புள்ளிகளும் நெருக்கமாக இருக்கின்றன. 'ண்' என்ற எழுத்தைச் சின்ன அளவில் போட்டுப் பாருங்கள், மூன்று சுழியும் ஒன்றோடொன்று இழைந்துவிடும்.

சரி, கணினி முழு நிறத்தையும் அனுப்பும்போது டிவி ஏன் அதைக் குறைக்க வேண்டும்? டிவிக்குள் இருக்கும் சிப் படம் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. இரைச்சலை நீக்குவது, அசைவை வழவழப்பாக்குவது, ஓரங்களைக் கூர்மையாக்குவது என்று பல வேலைகளை ஒவ்வொரு பிரேமிலும் செய்கிறது. வருகிற படம் எப்படியும் 4:2:0 தானே என்பதால், உள்ளே நிறத்தைப் பாதி அகலத்தில், அதாவது 4:2:2-ல் வைத்துக்கொண்டு வேலை செய்தால் சிப்புக்குச் சுமை குறைவு. கேம் மோட் அந்த வேலைகளில் நேரம் பிடிக்கிறவற்றை நிறுத்துகிறது. ஆனால் பல டிவிகளில் படம் போகும் பாதை அதே 4:2:2 பாதைதான். ரோட்டில் சிக்னலை எல்லாம் எடுத்துவிட்டார்கள், ரோட்டை அகலப்படுத்தவில்லை. அதனால்தான் உங்களுக்கு மவுஸ் வேகமாகவும் எழுத்து கசங்கியும் இருக்கிறது. பிசி மோட் என்பது, இந்த இணைப்பில் இருப்பது கணினி, புள்ளியைத் தொடாதே என்று டிவிக்குச் சொல்வது. அப்போது பெரும்பாலான பட வேலைகள் நின்று, நிறம் முழுதாகப் போகும் பாதை திறக்கும். அந்த வேலைகள் நின்றுவிடுவதால் தாமதமும் பொதுவாகக் குறைந்துவிடும். பிசி மோட் போட்ட பிறகு, மவுஸுக்காக மட்டும் கேம் மோட் தேவையா என்று ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், பலருக்குத் தேவைப்படாது.

எங்கே போய் மாற்றுவது என்பது பிராண்டைப் பொறுத்தது. எல்ஜியில் படத்தின் மோட் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இன்புட்களைக் காட்டும் பக்கத்தில், உங்கள் லேப்டாப் இருக்கும் எச்டிஎம்ஐ-யின் ஐகானை PC என்று மாற்ற வேண்டும். வெறும் படம்தானே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் டிவி நடந்துகொள்ளும் விதமே அதில் மாறுகிறது. ஐகானை மாற்றிய பிறகும் படத்தின் மோடாக கேம் மோடைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சாம்சங்கிலும் இப்படித்தான், சோர்ஸ் பட்டியலில் அந்த இணைப்பைத் திருத்தி PC என்று வைக்க வேண்டும். கேம் மோட் வேறு மெனுவில் இருக்கும். சோனி மாறுபடுகிறது: அங்கே படத்தின் மோடிலேயே Graphics என்று ஒன்று இருக்கும், அதை எடுத்தால் போதும்; Game என்பதும் சோனியின் பல மாடல்களில் முழு நிறத்தைக் காப்பாற்றுகிறது. இந்த மூன்று பெயருக்கு வெளியே, குறிப்பாக விலை குறைந்த டிவிகளில், மாடலுக்கு மாடல் மாறும். பிசி மோட் என்று மெனுவில் பெயர் இருந்தும் நிறத்தைக் கசக்குகிறவை உண்டு. கேம் மோடிலேயே முழு நிறத்தையும் காட்டுகிறவையும் உண்டு. ஆகவே பெயரை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சோதனை கீழே இருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது ஒயர் வழி. டிவிக்குள் பாதை அகலமாக இருந்து என்ன பயன், சிக்னலே குறுகி வந்தால்? 4கே படத்தை நொடிக்கு 60 பிரேமில், 8 பிட் நிறத்தில், 4:4:4-ஆக அனுப்ப 14.3 கிகாபிட் அளவுக்கு வேண்டும். எச்டிஎம்ஐ 2.0-ன் 18 கிகாபிட்டில் படத்துக்கு உண்மையில் கிடைப்பது 14.4. கதவும் பீரோவும் ஒரே அகலம் மாதிரி, உரசிக்கொண்டு உள்ளே போகிறது. எச்டிஆருக்காக 10 பிட்டுக்குப் போனால் 17.8 வேண்டும், போகாது. அப்போது கணினி உங்களிடம் சொல்லாமல் 4:2:2-க்கோ 4:2:0-க்கோ இறங்கிவிடலாம். அதனால் எச்டிஎம்ஐ 2.0 இணைப்பில் எழுத்து வேலை செய்யும்போது எச்டிஆரை அணைத்து வையுங்கள். விண்டோஸில் Win+Alt+B அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். எச்டிஎம்ஐ 2.1 இரண்டு பக்கமும் இருந்தால் இந்த நெருக்கடி இல்லை. பழைய லேப்டாப்பில் 1.4 இருந்தால் 4கே-யை 30 பிரேமில்தான் முழு நிறத்தோடு அனுப்ப முடியும், மவுஸ் தத்தித் தத்திப் போகும். விலை மலிவான டைப்-சி மாற்றிகளிலும் இந்த 30 பிரேம் கட்டுப்பாடு நிறைய.

டிவியிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பல டிவிகள் பழைய பெட்டிகளோடு ஒத்துப்போக, எச்டிஎம்ஐ-யைக் குறைந்த நிலையில் வைத்தே கடையிலிருந்து வருகின்றன. அந்த நிலையில் 4கே 60 வேண்டுமென்றால் 4:2:0 மட்டும்தான் வாங்கிக்கொள்வேன் என்று டிவி கணினிக்குச் சொல்லிவிடும். எல்ஜியில் அந்த ஸ்விட்ச்சின் பெயர் HDMI Deep Colour என்ற மாதிரி இருக்கும், சாம்சங்கில் மாடலைப் பொறுத்து UHD Color அல்லது Input Signal Plus, சோனியில் HDMI signal format. அதில் Enhanced format எடுக்க வேண்டும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக இருக்கும், எனவே லேப்டாப் செருகியிருக்கும் துளைக்குத்தான் போட்டீர்களா என்று பாருங்கள். கணினி உண்மையில் என்ன அனுப்புகிறது என்பதை விண்டோஸ் 11-ல் Settings, System, Display, Advanced display என்று போனால் Color format என்ற இடத்தில் காட்டும். அங்கே RGB அல்லது YCbCr444 இருக்க வேண்டும். YCbCr420 என்று இருந்தால், டிவியில் எந்த மோடைப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இப்போது சோதனை. கீழே உள்ளதை நோட்பேடில் ஒட்டி, test.html என்று சேமித்து, பிரவுசரில் திறங்கள்.

```html
<meta charset="utf-8">
<body style="background:#00f;color:#f00;font-size:16px">
<div style="height:150px;background:
repeating-linear-gradient(90deg,#f00 0 1px,#00f 1px 2px)"></div>
<br>
<div style="height:150px;background:
repeating-linear-gradient(0deg,#f00 0 1px,#00f 1px 2px)"></div>
<p>பட்டம் பறந்து படியில் விழுந்தது</p>
```

மேல் பெட்டியில் ஒரு புள்ளி சிவப்பு, ஒரு புள்ளி நீலம் என்று செங்குத்துக் கோடுகள். கீழ்ப் பெட்டியில் அதே போலக் கிடைக்கோடுகள். இதைத் திறக்கும்போது விண்டோஸின் Scale 100% ஆகவும் பிரவுசரின் ஜூம் 100% ஆகவும் இருக்க வேண்டும். Scale 200% வைத்திருப்பவர்கள் பிரவுசர் ஜூமை 50% ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும். 150%-ல் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு கோடு ஒன்றரைப் புள்ளி ஆகி, நல்ல டிவியும் கெட்டதாகத் தெரியும். இந்தச் சோதனையில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது போன் கேமராவை அருகில் வைத்துப் பெரிதாக்குங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. அது கணினிக்குள் எடுக்கப்படுவது, டிவி செய்யும் தப்பு அதில் வராது.

இரண்டு பெட்டியிலும் சிவப்பும் நீலமும் தனித்தனிக் கோடாகத் தெரிந்தால் முழு நிறமும் வந்து சேர்கிறது, வேலை முடிந்தது. மேல் பெட்டி மட்டும் ஒரே ஊதாப் பட்டையாகி, கீழ்ப் பெட்டியில் கோடுகள் நன்றாக இருந்தால் அது 4:2:2; பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நிறத்தைப் பகிர்கின்றன. கணினி RGB அனுப்புவதாக விண்டோஸ் சொல்லும்போது இப்படி வந்தால், கசக்குவது டிவிதான். இரண்டு பெட்டியுமே ஊதாவாகிவிட்டால் 4:2:0. பெரும்பாலும் அது ஒயர் வழியிலேயே குறைந்து வருகிறது என்று பொருள், டிவியின் எச்டிஎம்ஐ ஸ்விட்ச்சையும் Color format-ஐயும் முதலில் பாருங்கள். கீழே இருக்கும் தமிழ் வரியில் 'ப' என்ற எழுத்தைக் கவனியுங்கள். அதில் இரண்டு நிற்கும் கோடும் அடியில் ஒரு படுத்த கோடும்தான். 4:2:2-ல் நிற்கும் கோடுகள் இரண்டும் வெளிறிப்போய், அடிக்கோடு மட்டும் பளிச்சென்று இருக்கும். இந்த ஒரு எழுத்தைப் பார்த்தே நான் பல இடங்களில் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தவர் அச்சகம் வைத்திருக்கிறார், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீஸும். டிடிபி செய்யும் பெண்ணுக்குப் பெரிய திரையாக இருக்கட்டும் என்று 43 இன்ச் டிவி ஒன்றை வாங்கி மேசையில் வைத்தார். கும்பாபிஷேக நோட்டீஸ் ஒன்றில், கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பில் சின்ன எழுத்தாக உபயதாரர் பெயர்கள். திரையில் பார்த்தால் 'ட்', 'ண்' இவற்றின் தலையில் புள்ளியே இல்லாத மாதிரி இருந்தது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று அந்தப் பெண் எழுத்துருவை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். அச்சடித்துப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் ஒழுங்காக இருக்கிறது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தபோது கேம் மோட் போட்டிருந்தார்கள், கடைக்காரர் கணினிக்கு அதுதான் நல்லது என்று சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன சோதனையைத் திறந்தேன். இரண்டு பெட்டியும் ஊதா. விண்டோஸில் Color format என்ன என்று பார்த்தால் YCbCr420. டிவியில் அந்த எச்டிஎம்ஐ பழைய நிலையிலேயே இருந்தது. அதை உயர்த்தியதும் திரை ஒருமுறை கறுத்துத் திரும்ப வந்தது. இப்போது விண்டோஸ் RGB, 8-bit என்று காட்டியது. கீழ்ப் பெட்டியில் கோடுகள் வந்துவிட்டன. மேல் பெட்டி மட்டும் இன்னும் ஊதாதான். அதாவது ஒயர் வழி சரியாகிவிட்டது, மிச்சம் இருப்பது டிவியின் உள்வேலை. இணைப்பின் பெயரை PC என்று மாற்றினேன். மேல் பெட்டியிலும் கோடு கோடாக வந்தது. நோட்டீஸைத் திறந்தால் ஒவ்வொரு 'ட்' மேலும் புள்ளி, குண்டூசி குத்தின மாதிரி.

அதோடு முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் திரை இரண்டு மூன்று தடவை ஒரு நொடி கறுத்துப் போய் வந்தது. முன்பு 4:2:0-ல் பாதிச் சுமை போன ஒயர், இப்போது முழுச் சுமையைத் தாங்கவில்லை. பெட்டியில் Premium High Speed என்று போட்ட இரண்டு மீட்டர் ஒயரை மாற்றியதும் நின்றது. உங்களுக்கும் மாற்றிய பிறகு திரை அவ்வப்போது கறுத்தாலோ, பொரி பொரியாக வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, டிவியைச் சந்தேகப்படாமல் முதலில் ஒயரை மாற்றுங்கள். அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டார்: நிறமெல்லாம் மாறி, வெள்ளை நீலமாகத் தெரிகிறதே என்று. பிசி மோடுக்குப் போனதும் டிவி வேறு பட அமைப்பை எடுத்துக்கொள்ளும், வெள்ளை குளிர்ச்சியாக வருவது சகஜம். கலர் டெம்பரேச்சரை Warm பக்கம் நகர்த்தினால் தாளின் வெள்ளைக்குக் கிட்டே வரும். அச்சுக்கு நிறம் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்கு இதுவும் போதாது, அதற்கு அளவுக்கருவி வைத்துச் சரிசெய்யும் மானிட்டர்தான் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிசி மோட் எதைச் சரிசெய்யாது என்பதையும் தெரிந்து வையுங்கள். கறுப்பு எழுத்தே மங்கலாக இருந்தால் காரணம் நிறப் பகிர்வு இல்லை. டிவி படத்தைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறதா என்று பாருங்கள்; டாஸ்க்பாரின் ஓரம் திரைக்கு வெளியே போயிருந்தால் அதுதான். படத்தின் அளவை Just Scan, Fit to Screen, Full pixel என்ற மாதிரிப் பெயர் உள்ளதற்கு மாற்ற வேண்டும். கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் ஷார்ப்னெஸ் அதிகம். எழுத்து தெளிவாக வேண்டும் என்று அதைக் கூட்டுவது வழக்கம், ஆனால் அது தெளிவைக் கூட்டாது, ஓரத்தில் கோடு வரையும். சாம்சங்கில் 0-க்குக் கிட்டே வையுங்கள். சோனியில் தொடாமல் விடும் நிலை நடுவில், 50-ல் இருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தும் எழுத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்தால், அந்த டிவியின் புள்ளிகளில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை தலைகீழாகவோ வேறு அமைப்பிலோ இருக்கலாம். க்ளியர்டைப் வழக்கமான வரிசையை நினைத்துப் பூசுவதால் பூச்சு தப்பான பக்கம் விழுகிறது. ClearType Text Tuner-ஐத் திறந்து பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றும் ஒத்துவரவில்லை என்றால் க்ளியர்டைப்பை அணைப்பது நல்லது. நான்காவதாக ஒரு வெள்ளைப் புள்ளியும் கொண்ட ஓலெட் டிவிகளில் இந்தக் கசிவு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

எவ்வளவு தூரத்தில் உட்கார்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். 43 இன்ச் 4கே டிவியின் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். மேசையில் 70 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் கண்ணால் பிரித்துப் பார்க்கும் எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது, அதனால் கசங்கல் நன்றாகவே தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் ஒரு புள்ளி அந்த எல்லையில் பாதிகூட இல்லை. நீங்கள் கோடிங் எழுதுவது மேசையில் என்றால் மேலே சொன்ன பாடு எல்லாம் படலாம். சோபாவிலிருந்து கேம் மட்டும் ஆடுகிறவருக்கு வெறும் கேம் மோட் போதும், அவர் இதில் எதையும் தொட வேண்டியதில்லை.

ஒரே லேப்டாப்பில் இரவு படமும் பார்ப்பவராக இருந்தால், பிசி மோடில் அசைவை வழவழப்பாக்கும் வசதிகள் பெரும்பாலும் சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் இருக்கும். சினிமாவில் கேமரா நகரும் காட்சிகள் சற்று உதறுவதாகச் சிலருக்குத் தோன்றும். அதற்காகத் தினமும் மோடை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பிசி மோட், எச்டிஎம்ஐ ஸ்விட்ச் இரண்டும் துளைக்குத் துளை தனியாக நினைவில் இருப்பதால், HDMI 1-ஐ லேப்டாப்புக்கு என்று PC ஆக வைத்துவிடுங்கள். படத்தை டிவியில் இருக்கும் ஆப்பிலேயே போடுங்கள், அல்லது செட்டாப் பாக்ஸை HDMI 2-ல் பழைய அமைப்பிலேயே விடுங்கள். மென்பொருள் அப்டேட் வந்த பிறகு சில டிவிகளில் இந்தப் பெயர் பழையபடி மாறிவிடுவது உண்டு. எழுத்து திடீரென்று மறுபடி கசங்கினால், அந்த test.html-ஐத் திறந்து 'ப'-வின் நிற்கும் கோடுகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.